விளையாட்டு எங்கே முடிகிறது? – ஒரு புகைப்படக் கழகத்தில் கேட்ட உரை



சில வாரங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் புகைப்படக் கழகத்தார் தமது மாதாந்தக் கூட்டத்திற்கு எம்மை அழைத்திருந்தனர். பத்திரிகை நடத்துகிறவர் என்ற முறையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எமக்கு முன்னர் எழுந்த அக்கழகத்தின் பொறுப்பாசிரியர் பேசிய பேச்சைக் கேட்ட பின்னர், நாம் எழுதிக்கொண்டு போன குறிப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டோம். அவர் பேசியது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு. இருந்தாலும் கைத்தொலைபேசி இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்ட இக்காலத்தில், அது பெற்றோருக்கும் உரிய பாடம் என்று எமக்குப் பட்டது. நாம் குறித்து வந்ததை இங்கே தருகிறோம்.

ஆசிரியர் முதலில் சுவரில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று அண்மையில் எடுக்கப்பட்டது. ஒரு குளத்தின் படம். மற்றது நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது; ஓர் ஓடைக் கரையில் கன்னத்தில் கை வைத்தபடி ஒரு சிறுமி, அவளுக்கு முன்னால் சிறகு முளைத்த நான்கு குட்டி உருவங்கள். "இந்த இரண்டு படங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூத்ததின் கதையைச் சொன்னால் இளையதின் கதை தானாக விளங்கும்" என்று தொடங்கினார்.

இங்கிலாந்தில் யோர்க்ஷயர் பகுதியில், பிறட்போர்ட் நகருக்கு அருகே கொட்டிங்லி என்ற கிராமம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை, அங்கே எல்சி றைற் என்ற பதினாறு வயதுப் பெண்ணும், தென்னாபிரிக்காவிலிருந்து தாயுடன் வந்து தங்கியிருந்த அவளுடைய ஒன்பது வயது ஒன்றுவிட்ட சகோதரி பிரான்சிஸ் கிறிபித்சும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடை. சிறியவள் எந்நாளும் அதில் இறங்கிச் சப்பாத்தை நனைத்துக்கொண்டு வருவாள்; தாயிடம் ஏச்சு வாங்குவாள். ஏன் அங்கே போகிறாய் என்று கேட்டால், குட்டித் தேவதைகளைப் பார்க்கப் போகிறேன் என்பாள். (ஞானோபதேச வகுப்பில் நாம் படித்த சம்மனசுகளை இங்கே நினைக்க வேண்டாம். ஆங்கிலேயரின் பாட்டிக் கதைகளில் வரும், விரல் உயரமே உள்ள சிறகுப் பெண்கள் இவர்கள்.) பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும் என்று இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள்.

எல்சிக்குச் சித்திரம் நன்றாக வரும். சிறிது காலம் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தவளும் கூட. அக்காலத்தில் பிள்ளைகளுக்கென வெளிவந்த ஒரு பரிசுப் புத்தகத்தில் நடனமாடும் பெண்களின் சித்திரம் இருந்தது. அதைப் பார்த்து வரைந்தாள். தோளில் சிறகு சேர்த்தாள். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். பெண்கள் தொப்பியைக் கொண்டையில் பொருத்துவதற்கு வைத்திருந்த நீண்ட ஊசிகளால் அவ்வுருவங்களை ஓடைக் கரையில் நிறுத்தினாள். தகப்பனிடம் கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கும் கமரா ஒன்று இருந்தது. அதைக் கெஞ்சி வாங்கிப் போனவர்கள் அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள். வெட்டிய காகிதங்கள் ஓடையோடு போய்விட்டன.

"இதுவரை பொய் எதுவும் நடக்கவில்லை. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பேச்சை நிறுத்தினார்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சேர், இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி எடுத்தவைதானே? அது பொய்தானே?" என்றான்.

ஆசிரியர் அவனை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே பதில் சொல்லும்படி கேட்டார். "உங்கட பாடசாலை நாடகத்திலே போன வருசம் இராவணனுக்குப் பத்துத் தலை வைச்சீங்கள். பார்த்த ஆருக்காவது அது பொய் என்று கோபம் வந்ததோ?"

"இல்லை சேர். அது நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும்."

"அதுதான். பார்க்கிறவனுக்குத் தெரியும். அன்றிரவு எல்சியின் தகப்பன் தனது இருட்டறைக்குள்ளே அந்தத் தட்டைக் கழுவி, உருவங்கள் மேலெழுவதைக் கண்டார். மகளின் கைவேலையை அறிந்தவர் அவர். கடதாசி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே எடுத்தெறிந்து பேசினார். அந்த வீட்டுக்குள் அது ஒரு பகிடிதான்."

இரண்டு மாதம் கழித்து எல்சி ஒரு குள்ளனோடு புற்றரையில் இருக்கும் இன்னொரு படமும் எடுத்தார்கள். தகப்பன் அதன் பிறகு கமராவைக் கொடுக்க மறுத்துவிட்டார். விடயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தாய் அதை உண்மை என்று நம்பத் தொடங்கினார். 1919இல் பிறட்போர்ட்டில் பிரம்மஞான சபையின் கூட்டம் ஒன்றுக்குப் போனவர், அங்கே தேவதைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது தமது மகள் எடுத்த படங்களைப் பற்றிச் சொன்னார். படங்கள் வீட்டை விட்டு வெளியே போயின.

இங்கே ஆசிரியர் சொன்ன ஒரு விபரம் எமக்குப் புதியது. பத்திரிகைக்காரர் என்பதால் உறுத்தவும் செய்தது. அச்சபையின் எட்வேட் காட்னர் என்பவர் அந்தக் கண்ணாடி நெகற்றிவ்களைப் புகைப்பட வேலையில் தேர்ந்த ஹரோல்ட் ஸ்னெலிங் என்பவரிடம் கொடுத்தார். முதற்படத்தில் ஒளி அளவுக்கு மிஞ்சி விழுந்திருந்தது. தேவதைகள் மங்கலாக, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் நிலையில் இருந்தன. ஸ்னெலிங் அவற்றிலிருந்து புதிய நெகற்றிவ்களைச் செய்து, வெள்ளையையும் கறுப்பையும் பிரித்து, தெளிவான பிரதிகள் எடுக்க வழிசெய்தார். உலகம் பின்னர் கண்டது அந்தத் தெளிவான பிரதிகளையே. அவற்றை மட்டும் பார்த்தவன் எல்சியின் மங்கலான மூலப்படத்தைக் கண்டதேயில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் புகைப்படச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியரான ஜெப்றி குறோலி, படங்களையும் கமராக்களையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து எழுதிய நீண்ட தொடரில் இதை வெளிப்படுத்தினார்.

ஸ்னெலிங் செய்தது ஏமாற்றா என்று ஆசிரியர் பிள்ளைகளைக் கேட்டார். பாதிப்பேர் ஆம் என்றார்கள், பாதிப்பேர் இல்லை என்றார்கள். அவர் தம் தீர்ப்பைச் சொன்னார். மங்கலான படத்தைத் தெளிவாக்குவது எந்தப் புகைப்பட நிலையத்திலும் நடக்கும் அன்றாட வேலை, அதிலே குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தெளிவாக்கிய பிரதியைச் சான்று என்று நீட்டியவர்கள், இது தெளிவாக்கிய பிரதி என்று கூடவே சொல்லவில்லை. ஸ்னெலிங்கின் சான்றுரையிலும் ஒரு நுட்பம் இருந்தது. இவை நெகற்றிவ்வில் கை வைத்துச் செய்த படங்கள் அல்ல, கமராவுக்கு முன்னால் இருந்ததை எடுத்த படங்கள் என்றார் அவர். அது மெய்! கமராவுக்கு முன்னால் இருந்தது கடதாசி. கடதாசியைக் கமரா உண்மையாகவே எடுத்தது. அவரோ ஒருபடி மேலே போய், கடதாசி உருவங்களின் அடையாளமே இல்லை என்றும் எழுதிவிட்டார்.

துப்பறியும் சேர்லொக் ஹோம்சைப் படைத்த சேர் ஆதர் கொனன் டொயில் இக்கதைக்குள் நுழைகிறார். ஆவியுலகில் அவருக்கு முன்னரே நம்பிக்கை இருந்தது. 1918இல் மகனை இழந்தார். அடுத்த ஆண்டு தம்பியை இழந்தார். கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பதற்கு ஒரு கையளவு சான்று கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரின் கையில்தான் இரண்டு பிள்ளைகளின் பகிடி போய்ச் சேர்ந்தது. 1920ஆம் ஆண்டு டிசெம்பர் மாத 'ஸ்ராண்ட்' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையோடு படங்கள் வெளியாயின. பிரதிகள் சில நாட்களிலேயே விற்று முடிந்தன. ஒரு வேடிக்கை: எல்சி பார்த்து வரைந்த அந்தப் பரிசுப் புத்தகத்திலேயே கொனன் டொயிலின் கதையும் ஒன்று அச்சாகியிருந்தது.

கட்டுரை வருவதற்கு முன்னரே, அவ்வாண்டு கோடையில், காட்னர் இரண்டு புதிய கமராக்களையும் இரகசிய அடையாளமிட்ட தட்டுகளையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார். தட்டை மாற்றி ஏமாற்ற முடியாதபடி அடையாளம். தட்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. மேலும் மூன்று படங்கள் வந்தன.

"இப்போது சொல்லுங்கள், கோடு எங்கே?" என்றார் ஆசிரியர். "கத்தரிக்கோல் எடுத்த இடத்திலா? ஊசி குத்திய இடத்திலா? நான் அப்படி நினைக்கவில்லை. கமராவோடு ஒரு பெரிய மனிதர் ரயிலேறி வந்து வாசலில் நின்று, இது மெய்யா பிள்ளைகளே என்று கேட்டாரே, அந்த வாசற்படிதான் கோடு. அதுவரை அவர்கள் செய்தது விளையாட்டு. அவரிடம் இல்லை என்று சொல்லாமல் கமராவை வாங்கிக்கொண்டதும் அது வேறொன்றாகிவிட்டது."

பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். அவர்களுடைய வயதிலே ஒருத்தி செய்த காரியம் என்பதாலே இருக்கலாம்.

உண்மை 1983இல்தான் வெளிவந்தது. எல்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிரான்சிஸ் எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். அறுபத்தாறு ஆண்டுகள்! ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த விளக்கம் எளிமையானது. கிராமத்துப் பிள்ளைகள் இருவர் அவ்வளவு பெரிய எழுத்தாளரை ஏமாற்றிவிட்டோம் என்று தெரிந்தபோது வெட்கம் வாயை மூடிவிட்டது. அவர் மானம் போகக்கூடாது என்று எண்ணினார்கள். கொனன் டொயில் 1930இலேயே இறந்துபோனார். தேவதைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். பிரான்சிஸ் தாம் செய்தது மோசடி என்று ஒருபோதும் நினைக்கவில்லை என்றும், அது வெறும் பகிடி என்றும் பிற்காலத்தில் கூறினார். ஐந்தாவது படம் மட்டும் மெய்யானது என்று 1986இல் கண்மூடும் வரை சாதித்தார். மனித மனம் விசித்திரமானது. ஒரு விரலளவு இடத்தையாவது அது விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது.

அப்படத்தை அன்றே கண்டுபிடித்திருக்க முடியாதா என்று ஒரு மாணவி கேட்டாள். முடியும் என்று ஆசிரியர் படத்தைத் திரும்பக் காட்டினார். சிறுமிக்குப் பின்னால் ஒரு சிற்றருவி விழுகிறது. அருவி நீர் பஞ்சுபோலக் கலங்கித் தெரிகிறது. கமராவின் கண் திறந்திருந்த நேரத்துக்குள் நீர் நகர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். அப்படியானால், பறந்து ஆடும் தேவதையின் சிறகு அதைவிடக் கலங்கியிருக்க வேண்டுமே? சிறகோ பென்சிற் கோடு போலக் கூர்மையாக இருக்கிறது. இன்னுமொன்று. நான்கு தேவதைகள் மூக்குக்கு நேரே ஆடும்போது, அந்தப் பிள்ளை அவற்றைப் பார்க்காமல் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்காலத்திலேயே சிலர் சந்தேகத்தைச் சொல்லவும் செய்தனர். கொடக் கம்பெனியார் சான்றிதழ் தர மறுத்தனர். ஆனால் நம்ப வேண்டும் என்ற ஆசை உள்ளவனுக்கு அருவி கண்ணில் படாது.

இதன் பின்னர்தான் அவர் குளத்தின் படத்துக்கு வந்தார். கழகத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன், அவனுடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இக்கதை சொல்லப்பட்டது. அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான். யார் என்று நாம் தேடவில்லை.

அவன் விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போன இடத்தில், பின்னேரம் குளக்கட்டிலே நின்று ஒரு படம் எடுத்தான். இணையத்திலிருந்து ஒரு முதலையின் படத்தை எடுத்து, கைத்தொலைபேசியிலேயே ஓரம் வெட்டி, பிள்ளைகள் குளிக்கும் துறைக்குப் பக்கத்திலே வைத்தான். படத்தின் அடியிலே, 'மச்சான், குளிக்க வாறியோ?' என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டான். வாட்ஸ்அப்பில் நண்பர்கள் எட்டுப் பேருக்கு அனுப்பினான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அதுவும் பகிடிதான்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் தன் வீட்டாருக்குக் காட்ட விரும்பி அனுப்பும்போது அடியில் இருந்த எழுத்தை வெட்டிவிட்டான். கெட்ட எண்ணத்தோடு அல்ல. எழுத்து இல்லாவிட்டால் படம் இன்னும் நன்றாயிருக்கும் என்று. சிரிக்கும் முகம் போனதோடு, இது பகிடி என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. மறுநாள் காலை அந்தப் படம் மாமாவின் ஊருக்கே திரும்பி வந்தது. வன்னிப் பகுதிக் குளங்களில் முதலை இருப்பது புதுமையல்ல என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. துறை வெறிச்சோடியது. அந்தக் குளத்திலே வலை போட்டுப் பிழைக்கும் ஒருவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றினார். வீட்டில் மனைவி தடுத்துவிட்டார். நான்கு நாள் வலை நனையவில்லை.

மூன்றாம் நாள் அவர் மாமா வீட்டுக்கு வந்து, அவனிடமே கேட்டார்: "தம்பி, நீர் அண்டைக்குக் கட்டிலை நிண்டு படம் எடுத்தனீர் என்று சொல்லினம். அந்தப் பக்கம் ஏதும் கண்டனீரோ?"

பையன் சிரித்துக்கொண்டு, "அண்ணை, எதுக்கும் கவனமா இருங்கோ" என்றான்.

"நாலே நாலு சொல்" என்றார் ஆசிரியர். "அதிலே ஒரு சொல்லும் பொய்யில்லை. முதலை கண்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் எல்சியின் வாசற்படி அதுதான். படத்தைச் செய்ததற்காக நான் அவனைப் பிழை சொல்லவில்லை. எழுத்தை வெட்டியது அவனுமல்ல. கேட்க வந்த மனிதனை நம்பிக்கையோடு திரும்பிப் போக விட்டானே, அங்கேதான் கணக்கு மாறுகிறது."

அந்தப் படத்தையும் அவர் அருவியைப் போலவே பிரித்துக் காட்டினார். பின்னேரச் சூரியன் இடப்பக்கம் இருக்கிறது. கட்டிலுள்ள பனையின் நிழல் வலப்பக்கமாக நீண்டு கிடக்கிறது. முதலையின் முதுகிலோ உச்சிவெயில் நேரே விழுகிறது. அதற்கு நிழல் வயிற்றுக்குக் கீழே மட்டும். பனை நீரிலே தலைகீழாகத் தெரிகிறது. முதலைக்குத் தண்ணீரில் உருவமே இல்லை. தூரத்துத் துறை தொலைபேசியின் சிறு கண்ணுக்கு மங்கலாக, அதே தூரத்தில் இருக்கும் முதலையின் பல் மட்டும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. முதற் பிரதியில் முதலையைச் சுற்றி வெட்டிய ஓரம் மயிரிழை போல வெளிறித் தெரிந்தது. ஆனால் மாமாவின் ஊருக்குத் திரும்பி வந்த பிரதியில் அந்த ஓரம் இல்லை! வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. நுண்ணிய விபரங்கள் கரைந்து போகின்றன. எப்போது, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று கோப்புக்குள் பதிந்திருந்த தகவலும் போய்விடுகிறது. கை மாறிய படத்தில் காயத்தின் வடு ஆறிவிடும் என்றார் ஆசிரியர். அதனாலே சந்தேகமான ஒரு படம் வந்தால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, உனக்கு அனுப்பியவனிடம், உனக்கு யார் அனுப்பியது என்று கேட்டுப் பின்னோக்கிப் போவதே மேல். நிழலும் நீரும் ஓரளவுக்குத்தான் சாட்சி சொல்லும். கெட்டிக்காரன் நிழலையும் வரைந்துவிடுவான்.

அப்படியானால் படத்தில் கையே வைக்கக்கூடாதா என்று கேள்வி வந்தது. இதற்கு அவர் 2010ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் நடந்த ஒன்றைச் சொன்னார். தெருச் சண்டைப் போட்டி பற்றிய படத்தொகுதி ஒன்றுக்கு விளையாட்டுப் பிரிவில் பரிசு கிடைத்திருந்தது. அதில் ஒரு படத்தை எடுத்தவர், மூலப்படத்தின் பெரும்பகுதியை வெட்டித் தள்ளி, கையொன்றுக்குத் துணி சுற்றும் காட்சியை மட்டும் வைத்திருந்தார். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தார். ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். இவை எதற்கும் நடுவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்ற ஒருவருடைய பாதத்தின் சிறு துண்டு, கையருகே தெரிந்ததை அவர் அழித்துவிட்டிருந்தார். அந்தத் துண்டுக்காகவே பரிசு பறிக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு இது அநீதியாகப் பட்டது. முக்கால் படத்தை வெட்டலாம், விரலளவு பாதத்தை அழிக்கக் கூடாதா? ஆசிரியர் விளக்கினார். சட்டத்துக்கு வெளியே உலகம் இருக்கிறது என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அந்த ஊரில் நிறமே இல்லை என்று ஒருவரும் நினைக்கப் போவதில்லை. ஆனால் சட்டத்துக்கு உள்ளே பாதம் இல்லாவிட்டால், அங்கே பாதம் இருக்கவில்லை என்றே நம்புவார்கள். செய்திப் படம் தரும் வாக்குறுதி அவ்வளவுதான்: உள்ளே இருப்பது இருந்தது, உள்ளே இல்லாதது இருக்கவில்லை.

வெட்டுவதிலும் பொய் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. கழகத்துப் பிள்ளை ஒருவன் விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்தைக் காட்டினார். 1500 மீற்றர் ஓட்டம். ஒரு மாணவன் முன்னால் ஓடுகிறான். சற்றுப் பின்னால் இன்னொருவன் துரத்துகிறான். பார்த்தவர்கள் முன்னால் ஓடுகிறவனைக் கைதட்டினார்கள். உண்மையில் பின்னால் வருபவன்தான் முதலாவதாக வந்தவன். முன்னால் ஓடுகிறவன் ஒரு சுற்றுப் பின்தங்கியவன். ஒரு புள்ளியும் மாற்றப்படாத படம். 'வெற்றியை நோக்கி' என்று அதன் கீழ் எழுதினால், முதலையைவிடப் பெரிய பொய் அது.

இந்த இடத்தில் எமது குற்றத்தையும் சொல்லிவிடுவது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு விழாவின் குழுப் படத்தில் நடுவே ஒருவர் எழுந்து போய்விட்டபடியால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. பார்க்க அழகில்லை என்று இரு பக்கத்தையும் நெருக்கி ஒட்டி அச்சிட்டோம். எழுந்து போனவர் அடுத்த வாரம் எம்மிடம் வந்தார். "பாதர், நான் அண்டைக்கு வரேல்லை என்று எல்லாரும் கேக்கினம்" என்றார். அப்போது சிரித்து மழுப்பினோம். பாதத்துண்டுக் கதையைக் கேட்ட பிறகு அவருடைய முகம் நினைவுக்கு வந்தது.

கடைசியாக வந்த கேள்விதான் எம்மை நிமிர்ந்து இருக்கச் செய்தது. ஒரு மாணவி, கூச்சத்தோடு எழுந்து, தன் அக்காவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்றும், தரகரிடம் கொடுத்த படத்தைப் புகைப்பட நிலையத்தில் வெள்ளையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அது விளையாட்டா ஏமாற்றா என்றும் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை.

"படம் எடுத்த அன்று முகத்திலே ஒரு பரு இருந்தால் அதை எடுத்துவிடலாம்" என்றார். "இரண்டு கிழமையில் அது தானாகப் போய்விடும், அக்கா எப்படி இருப்பாவோ அதைத்தான் படம் காட்டும். வெளிச்சம் குறைந்து முகம் இருண்டிருந்தால், கண்ணால் கண்ட அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டலாம். அது கமராவின் பிழையைத் திருத்துவது. ஆனால் நிறத்தை மாற்றினால், கன்னத்து மச்சத்தை எடுத்தால், அது கமராவைத் திருத்துவதல்ல, அக்காவைத் திருத்துவது. படத்தைப் பார்க்கிறவர்கள் அதை நம்பித்தான் புறப்பட்டு வருவார்கள். வந்து வாசலில் நிற்கும்போது, படம் சொன்ன ஆளை எங்கே என்று தேடுவார்கள். அந்த நேரம் உள்ளே தேத்தண்ணித் தட்டோடு நிற்பது படமல்ல, உங்கட அக்கா."

அந்தப் பிள்ளை சிறிது நேரம் நின்றாள். பிறகு, "அக்காவுக்கும் அது பிடிக்கேல்லை சேர். அம்மாதான் செய்விச்சவ" என்றாள்.

"அம்மாவிடம் பழைய படம் இருக்கோ?"

"என்ர போனில இருக்கு."

"அதை அழிக்க வேண்டாம்" என்றார் ஆசிரியர்.

அக்கழகத்தில் இப்போது ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். கை வைத்த படம் எதுவானாலும் மூலப்படத்தைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, அதன் பிரதியிலேயே வேலை செய்ய வேண்டும். பகிடிப் படமானால் 'செய்த படம்' என்ற எழுத்தை ஓரத்தில் அல்ல, வெட்ட முடியாதபடி படத்தின் நடுவிலேயே, முதலையின் முதுகுக்கு மேலேயே போட வேண்டும். அழகு கெடுகிறது என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். கெடட்டும் என்கிறார் ஆசிரியர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது விறாந்தைச் சுவரில் அந்தக் குளத்தின் படம் இரண்டு பிரதிகளாகத் தொங்கக் கண்டோம். ஒன்று முதலையோடு, ஒன்று முதலை இல்லாமல். கீழே ஒரு துண்டுக் கடதாசியில் பேனையால் எழுதியிருந்தது: 'இரண்டாவது படம் வலைக்காரர் அண்ணைக்கும் காட்டப்பட்டது. அவர் ஏசினார். பிறகு வள்ளத்தை இறக்கினார்.'